போட்டோவில் வந்த பிளேட்: வாட், வோல்ட், மாதச் செலவு சொல்வது எப்படி?

கொல்லங்கோட்டில் வீட்டு உபயோகப் பொருள் கடையில் வேலைக்குச் சேர்ந்தால், ஷட்டரைத் தூக்கியதும் பார்க்க வேண்டியது கடை வாட்ஸ்அப்பைத்தான். முதலமடையிலிருந்து ஒரு போட்டோ, கோவிந்தாபுரத்திலிருந்து இன்னொன்று என்று ராத்திரியே வந்து கிடக்கும். ஃப்ரிட்ஜின் முதுகில் ஒட்டிய வெள்ளித்தகடோ கதவில் ஒட்டிய நட்சத்திர ஸ்டிக்கரோ இருக்கும். கீழே ஒரே கேள்வி: "தம்பி, இது மாசம் எவ்வளவு கரண்ட் இழுக்கும்?"

கேட்பவர் தமிழில் கேட்டாலும் மலையாளத்தில் கேட்டாலும் பதில் ரூபாயில் வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் பலரும் இங்கேதான் சறுக்குகிறார்கள். கணக்கு தெரியாமல் அல்ல. எந்த எண்ணை எந்தக் கேள்விக்கு எடுப்பது என்று தெரியாமல். தகடு சொல்வது ஒன்று, நட்சத்திர ஸ்டிக்கர் சொல்வது வேறு, கரண்ட் பில் சொல்வது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பாமல் வாசிக்கத் தெரிந்தால் பதில் தானாக வந்துவிடும்.

முதலில், போட்டோ நம்பும்படி இருக்கிறதா?

தகடு பளபளப்பானது. ஃபிளாஷ் போட்டு எடுத்தால் நடுவில் வெள்ளைப் பொட்டு விழும். நமக்கு வேண்டிய எண் அதற்குள்தான் மாட்டியிருக்கும். ஃபிளாஷை அணைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், நேராக நின்று இரண்டு படம் அனுப்பச் சொல்லுங்கள். ஒன்றில் முழுத் தகடும் தெரிய வேண்டும், மற்றொன்றில் எண்கள் நெருக்கமாக. அட்டைப்பெட்டியின் போட்டோ வேண்டாம். பெட்டி ஒரு மாடலுக்கும் உள்ளே இருப்பது இன்னொரு மாடலுக்கும் என்று ஆவது உண்டு.

தகடு எங்கே இருக்கும் என்று பலருக்குத் தெரியாது. ஃப்ரிட்ஜில் உள்சுவரில், காய்கறித் தட்டுக்குப் பக்கத்திலோ முதுகிலோ இருக்கும். மிக்சிக்கு அடிப்பாகத்தில். வாஷிங் மெஷினுக்கு முதுகில். ஏசிக்கு உள் யூனிட்டின் பக்கவாட்டில் ஒன்றும் வெளி யூனிட்டில் ஒன்றும்.

மங்கலான போட்டோவில் அடிக்கடி தொலைவது தசமப்புள்ளி. 1.1 ஆம்பியர் 11 ஆம்பியராகிவிடும். இதைப் பிடிக்க எளிய வழி உண்டு. தகட்டில் வாட்டும் ஆம்பியரும் இரண்டும் இருந்தால் வாட்டை வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள். 2000 வாட் கீசர் என்றால் 2000 ÷ 230, ஏறக்குறைய 8.7 ஆம்பியர். போட்டோவில் 87 என்று தெரிந்தால் புள்ளி போய்விட்டது. மோட்டார் உள்ள சாதனங்களில் இந்தக் கணக்கு அச்சாக ஒத்துவராது, ஆனால் பத்து மடங்கு தவறை அங்கேயும் காட்டிக் கொடுக்கும்.

வோல்ட்: வாட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியது

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இங்கே விற்கும் சாதனங்களில் 220-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்றோ 230 வோல்ட் என்றோதான் இருக்கும். அதனால் யாரும் அந்த வரியைப் பார்ப்பதில்லை. ஆனால் இது வளைகுடாவிலிருந்து பெட்டி கட்டி வரும் ஊர்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த தவறு இது. சவூதியிலிருந்து வந்த ஒரு இஸ்திரிப் பெட்டியின் தகட்டை அனுப்பி, "வீட்டு சாக்கெட் தாங்குமா?" என்று கேட்டார்கள். 1000 வாட் என்ற எண்ணை மட்டும் பார்த்து, "தாராளமா தாங்கும் அண்ணா" என்று பதில் போட்டேன். அதே போட்டோவில், மேல் வரியில், 127 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று தெளிவாக இருந்தது. சவூதியில் நீண்ட காலம் வீடுகளில் 127 வோல்ட் புழக்கத்தில் இருந்தது. பெட்டி முதல் நாளே கருகியது.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. சூடாக்கும் கம்பியில் வோல்ட் இரட்டித்தால் வாட் நான்கு மடங்காகும். 230-ஐ 127-ஆல் வகுத்தால் 1.8; அதை அதனாலேயே பெருக்கினால் ஏறக்குறைய 3.3. ஆயிரம் வாட் பெட்டிக்குள் 3300 வாட் இறங்கிவிட்டது. இப்படிப்பட்ட பொருளுக்கு வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம்தான். ஆனால் ஆயிரம் வாட்டைத் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் கனமும் அதிகம், விலையும் அதிகம். இஸ்திரிப் பெட்டிக்கும் கெட்டிலுக்கும் அது கட்டாது, இங்கே புதிதாக வாங்குவதுதான் லாபம் என்று நேராகச் சொல்லிவிடலாம்.

60 ஹெர்ட்ஸ் மட்டும் என்று எழுதியிருக்கும் மோட்டார் சாதனங்களிலும் கவனம் வேண்டும். வோல்ட் ஒத்துப்போனாலும் 50 ஹெர்ட்ஸில் மோட்டார் மெதுவாகச் சுற்றும், சூடாகும். 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால் எந்தக் கவலையும் இல்லை. லேப்டாப், செல்போன் சார்ஜர்கள் அந்த வகை.

தகடு சொல்வது: அதிகபட்சம் எவ்வளவு இழுக்கும்

முதலமடையிலிருந்து ஒரு அக்கா அனுப்பிய போட்டோ என்று வைத்துக்கொள்வோம். 260 லிட்டர், ஐஸ் கட்டாத ஃப்ரிட்ஜ். தகடு இப்படி இருக்கிறது:

```
220-240 V~  50 Hz
Rated current  1.1 A
Defrost        150 W
Refrigerant    R600a
Climate class  T
```

வாட் என்று நேரடியாக இல்லை. புதியவர் உடனே கால்குலேட்டரை எடுப்பார். 230 × 1.1 = 253 வாட். ஃப்ரிட்ஜ் 24 மணி நேரமும் ஓடும்; 253 × 24, ஒரு நாளைக்கு 6 யூனிட். முப்பது நாளைக்கு 182 யூனிட். "அக்கா, மாசம் 180 யூனிட் ஆகும்" என்று பதில் போய்விடும். அந்த அக்கா ஃப்ரிட்ஜே வேண்டாம் என்று முடிவு செய்துவிடுவார்.

பெருக்கல் சரி, எடுத்த எண்தான் தப்பு. தகட்டில் உள்ள 1.1 ஆம்பியர், அந்த ஃப்ரிட்ஜ் தன் வேலையின் உச்சத்தில் எவ்வளவு இழுக்கும் என்பதைக் காட்டுகிறது. ஐஸை உருக்கும் 150 வாட் ஹீட்டர் நாளின் சில நிமிடங்களில்தான் எரியும். கம்ப்ரஸர் உள்ளே குளிர்ந்ததும் நிற்கும். இன்வெர்ட்டர் வகையானால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். லாரியின் அதிகபட்ச எடையைப் பார்த்து அது தினமும் சுமக்கும் சரக்கைச் சொல்ல முடியாது அல்லவா, அதுபோலத்தான்.

அப்படியானால் தகடு எதற்கு? மூன்று கேள்விகளுக்கு. எந்த வோல்ட்டில் ஓடும்? 6 ஆம்பியர் சாக்கெட் போதுமா, 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டுமா? இன்வெர்ட்டர் தாங்குமா? 1.1 ஆம்பியர் ஃப்ரிட்ஜுக்கு சாதாரண சாக்கெட் போதும். 8.7 ஆம்பியர் கீசருக்கு 16 ஆம்பியர் பிளக்கும் அதற்கேற்ற வயரும் வேண்டும். இன்வெர்ட்டர் விஷயத்தில் ஒன்றை மறக்கக் கூடாது. பழைய வகை கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். அந்த எண் தகட்டில் பெரும்பாலும் இருக்காது.

கடைசி வரியில் உள்ள `T` நம் ஊருக்கு முக்கியம். அது எந்தத் தட்பவெப்பத்துக்கு அந்த ஃப்ரிட்ஜ் செய்யப்பட்டது என்பதன் குறி. `T` என்றால் அறையின் வெப்பம் 43 டிகிரி வரை, `ST` என்றால் 38 டிகிரி வரை, `N` என்றால் 32 டிகிரி வரை. பாலக்காட்டுக் கணவாயின் மார்ச், ஏப்ரல் வெயிலில் 40 டிகிரி புதிதல்ல. வெளிநாட்டிலிருந்து வந்த ஃப்ரிட்ஜில் `N` மட்டும் இருந்தால், கோடையில் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஸ்டிக்கர் சொல்வது: வருடத்துக்கு எத்தனை யூனிட்

மாதச் செலவுக்கு வேண்டிய எண் நட்சத்திர ஸ்டிக்கரில் இருக்கிறது. எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது 2001-ல். அதன்கீழ் 2002-ல் அமைந்த மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு 2006-ல் இந்த நட்சத்திரத் திட்டத்தைத் தொடங்கியது. ஸ்டிக்கரில் கண்ணைப் பறிப்பது நட்சத்திரம். நீங்கள் தேட வேண்டியது, வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருக்கும் எண்.

அக்காவின் ஃப்ரிட்ஜில் 3 ஸ்டார், வருடத்துக்கு 210 யூனிட் என்று இருக்கிறது. 12-ஆல் வகுத்தால் மாதம் 17.5 யூனிட். தகட்டை வைத்துப் போட்ட கணக்கில் 182, இங்கே 17.5. பத்து மடங்கு வித்தியாசம்.

ஆனால் 17.5 என்பது சோதனைக்கூடத்து எண். அங்கே கதவு மூடியே இருக்கும், வெப்பம் மாறாது. வீட்டில் குழந்தைகள் நாளைக்கு இருபது முறை திறப்பார்கள். சூடான குழம்புப் பாத்திரம் உள்ளே போகும். ஃப்ரிட்ஜ் அடுப்புக்குப் பக்கத்தில் சுவரை ஒட்டி நிற்கும். அதனால் ஸ்டிக்கர் எண்ணோடு கால் பங்கு சேர்த்துச் சொல்வது என் வழக்கம். 17.5 என்பது 22 ஆகும். இது விதியல்ல, கைக்கணக்கு. சொல்லும்போதே "சுமார்" என்று சேர்த்துவிடுங்கள்.

நட்சத்திரத்தை மட்டும் வைத்து இரண்டு ஃப்ரிட்ஜை ஒப்பிடக் கூடாது. நட்சத்திரம் அதே வகை, அந்த அளவு ஃப்ரிட்ஜுகளுக்குள் கொடுத்த மார்க். பெரிய 5 ஸ்டார் ஃப்ரிட்ஜ் சின்ன 3 ஸ்டாரை விட அதிக யூனிட் எடுக்கலாம். ஆண்டையும் பாருங்கள். அளவுகோலை அவ்வப்போது இறுக்குகிறார்கள். ஏசியில் 2018 முதல் 5 ஸ்டாருக்கு 4.5 என்ற திறன் மதிப்பு போதுமாக இருந்தது; 2022 ஜூலையில் அதை 5.0 ஆக உயர்த்தினார்கள். 2018 கணக்கில் 5 ஸ்டார் வாங்கிய 4.6 ஏசி, 2022 கணக்கில் 4 ஸ்டார்தான். பழைய ஏசி விற்க வந்தவர் "5 ஸ்டாராக்கும்" என்றால் ஸ்டிக்கரில் உள்ள ஆண்டைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

ஏசியில் இரண்டு வாட்

ஏசி போட்டோ வந்தால் இன்னொரு பொறி இருக்கிறது. ஒன்றரை டன் ஏசியின் தகட்டில் 5000 வாட் என்று ஒரு வரியும் 1450 வாட் என்று ஒரு வரியும் இருக்கும். 5000 என்பது அறையிலிருந்து ஏசி வெளியே தள்ளும் சூடு. அதற்கும் பில்லுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. கரண்ட்டில் இழுப்பது 1450. 5000-ஐப் பார்த்து "மணிக்கு அஞ்சு யூனிட்டா?" என்று பதறிக் கேட்பவர்கள் உண்டு.

1450-ஐயும் அப்படியே மணி நேரத்தால் பெருக்கக் கூடாது, இன்வெர்ட்டர் ஏசி அறை குளிர்ந்ததும் தணிந்துவிடும். ஸ்டிக்கருக்கு வாருங்கள். வருடத்துக்கு 750 யூனிட் என்று இருந்தால், அது 365 நாளும் ஓடுவதற்கான கணக்கல்ல. ஏசிக்கு வருடத்துக்கு 1600 மணி நேரம் என்று வைத்துத்தான் அந்த எண்ணைப் போடுகிறார்கள். 750-ஐ 1600-ஆல் வகுத்தால் மணிக்கு 0.47 யூனிட். இரவு 8 மணி நேரம், 30 நாள் என்றால் 240 மணி, 113 யூனிட். ஃப்ரிட்ஜுக்குச் சொன்ன அதே எச்சரிக்கை இங்கே இன்னும் அழுத்தமாக வேண்டும். ஓட்டுக்கூரையின் கீழே, மேற்கு வெயில் அடிக்கும் அறையில், 20 டிகிரியில் வைத்து ஓட்டினால் 113-ல் நிற்காது. "இது குறைந்தபட்சம்" என்று சொல்லுங்கள்.

பில் சொல்வது: கடைசி யூனிட்டின் விலை

இனி ரூபாய். "யூனிட் அஞ்சு ரூபாய்னு வெச்சுக்கலாம்" என்று பெருக்குவது கடைக்காரர்களின் பழக்கம். கேரளத்தில் அது சரிவராது. கே.எஸ்.இ.பி. வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுகிறது. புதிய சாதனத்தின் யூனிட்டுகள் எப்போதும் மேல்படியில்தான் உட்காரும். அதனால் கடைசி பில்லை அனுப்பச் சொல்லுங்கள். நுகர்வோர் எண்ணை மறைத்து அனுப்பினால் போதும், நமக்கு யூனிட் மட்டும்தான் வேண்டும்.

2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதத்தில் மாதத்தின் முதல் 50 யூனிட்டுக்கு 3.35 ரூபாய், அடுத்த ஐம்பதுகளுக்கு முறையே 4.25, 5.35, 7.20, 8.50. இப்படி 250 யூனிட் வரை. பில் இரண்டு மாதத்துக்கு ஒன்று என்பதால் அதில் உள்ள யூனிட்டை முதலில் இரண்டால் வகுக்க வேண்டும்.

அக்காவின் பில்லில் 380 யூனிட், மாதத்துக்கு 190. ஃப்ரிட்ஜின் 22 சேர்ந்தால் 212. புதிய 22-ல் முதல் 10 யூனிட் 7.20 படியில் விழும், 72 ரூபாய். மீதி 12 யூனிட் 8.50 படியில், 102 ரூபாய். மொத்தம் 174, அதன்மேல் 10 சதவீத மின்வரி சேர்த்தால் 191 ரூபாய். அஞ்சு ரூபாய்க் கணக்கில் 110 என்று சொல்லியிருப்போம்.

இப்போது அதே ஃப்ரிட்ஜை, மாதம் 240 யூனிட் எரிக்கும் இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். 240-ம் 22-ம் சேர்ந்து 262. மாதம் 250-ஐத் தாண்டினால் படிக்கணக்கே கிடையாது; முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே விலை, 300 யூனிட் வரை 6.75 ரூபாய். 262 × 6.75 = 1768.50. முன்பு 240 யூனிட்டுக்கு 1347.50. வித்தியாசம் 421 ரூபாய், வரி இல்லாமலே. 22 யூனிட்டுக்கு 421 என்றால் யூனிட் ஒன்றுக்கு 19 ரூபாய்!

இரு மாத பில்லில் 450-லிருந்து 500 வரை காட்டும் வீட்டுக்காரர் ஏசியோ ஃப்ரிட்ஜோ கேட்டால், இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். அந்த வீட்டில்தான் 3 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் உள்ள சில யூனிட் வித்தியாசம் உண்மையில் பணமாகிறது. பழைய ஃப்ரிட்ஜைக் கழித்துவிட்டுப் புதியது வாங்குகிறார் என்றால், பழையது எடுத்த யூனிட்டை முதலில் கழிக்கவும் மறக்காதீர்கள்.

எல்லை தாண்டி, பொள்ளாச்சிப் பக்கமிருந்து கேட்பவருக்கு இந்தப் பட்டியல் செல்லாது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், படிகளும் வேறு. கேள்வி எந்த ஊரிலிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டே கால்குலேட்டரைத் தொடுங்கள்.

தகடு அழிந்திருந்தால்

பழைய கெட்டில், பழைய ஹீட்டர் என்றால் எழுத்து தேய்ந்திருக்கும். அப்போது வீட்டு மீட்டரே தகடு. டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் `3200 imp/kWh` போன்ற ஒரு எண் இருக்கும். பக்கத்தில் சிவப்பு விளக்கு சிமிட்டும். 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று அர்த்தம். வீட்டில் மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் போட்டு, ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். 80 முறை என்றால் மணிக்கு 4800; அதை 3200-ஆல் வகுத்தால் மணிக்கு ஒன்றரை யூனிட், அதாவது 1500 வாட். கெட்டிலுக்கும் கீசருக்கும் இது பொருந்தும். நின்று நின்று ஓடும் ஃப்ரிட்ஜுக்கு ஒரு நிமிடம் போதாது. அதற்கு மட்டும் கரண்ட் போகும்படி வைத்து, ஒரு நாள் மீட்டர் ரீடிங்கைப் பார்க்க வேண்டும்.

அனுப்ப வேண்டிய பதில்

கணக்கு முழுவதையும் வாட்ஸ்அப்பில் கொட்ட வேண்டாம். அக்காவுக்கு நான் அனுப்பும் பதில் இவ்வளவுதான்:

"அக்கா, போட்டோ பார்த்தேன். நம்ம ஊர் கரண்ட்டுக்கும் வெயிலுக்கும் ஒத்துவரும், சாதாரண சாக்கெட் போதும். மாசம் சுமார் 22 யூனிட் எடுக்கும். உங்க பில்லோட சேர்த்துப் பார்த்தா மாசம் 190 ரூபாய் கூடும், பில் ரெண்டு மாசத்துக்கு வர்றதால 380 கூடுதலா தெரியும். இப்போ 380 யூனிட் எரியுது, 500-ஐத் தாண்டாம பாத்துக்கோங்க, தாண்டினா எல்லா யூனிட்டுக்கும் விலை மாறிடும்."